இறுதித் திரையிடலுக்குப் பின் ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பலில் டர்பனில் வந்திறங்கியவர்கள் தொடங்கி, நேட்டால் கரும்புத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோரைப் பற்றிய ஆவணப்படம், நேற்று மாலை சாட்ஸ்வொர்த்தில் இறுதியாகத் திரையிடப்பட்டது.

பிள்ளைகளுக்கும் காட்டாதிருந்த ஒப்பந்த எண் எழுதிய பழுப்பேறிய தாளைக் கேமரா முன் விரித்த பாட்டிக்கும், தெருக்கூத்துப் பாடலை மூச்சிரைக்க முழுவதுமாகப் பாடித் தந்த தாத்தாவுக்கும் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறேன். தாத்தா படத்தைப் பார்க்க இல்லாமற்போனது என் தீராத மனக்குறை; ஆயினும், தமிழ் பேசத் தெரியாத அவர் பேரன் அரங்கில் எழுந்து அதே பாடலின் இரண்டு அடிகளைப் பாடியபோது பலரும் கண்கலங்கினோம்.

கூடம் தந்த கோயில் நிர்வாகத்தாருக்கும், வசன வரிகளை மொழிபெயர்த்தவர்களுக்கும், படப்பிடிப்பு நாள்களில் உணவளித்த தாய்மார்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

உங்கள் நேர்காணல்களின் முழுப் பதிவுகளை அடுத்த வாரம் நானே இல்லம் தேடி வந்து ஒப்படைப்பேன்.

நன்றியுடன்,
ஆவணப்பட இயக்குநர்,
டர்பன்