29-ஆம் தெருப் பார்சலை 39-ஆம் தெருவில் கொடுத்தது குறித்து

மு. சரவணன்,
எண் 84, மூன்றாம் மாடி, வலப்பக்கம்,
29-ஆம் தெரு, நடு பிளாக்,
பபேடான் டவுன்ஷிப், யாங்கூன்.
12.11.2025

கிளை மேலாளர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

மோல்மீனிலிருந்து 8.11.2025 அன்று என் பெயருக்குப் பதிவான பார்சல் (ரசீது எண் 40718, எடை 6.2 கிலோ, அறிவித்த மதிப்பு 3,40,000 சாட்) இன்னும் என் கைக்கு வரவில்லை. ஆனால் 10-ஆம் தேதி பிற்பகல் 2.40-க்கு 'ஒப்படைக்கப்பட்டது' என்று உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறது.

பார்சல் போனது 39-ஆம் தெரு, எண் 84-க்கு. டெலிவரிப் படத்தில் தெரிவது பச்சை மடக்குக் கதவும் அதன் பக்கத்தில் ஓர் அச்சகப் பலகையும். எங்கள் கட்டடத்தின் கீழே இருப்பது மசாலாக் கடை, கதவும் மரக்கதவு. கையொப்பம் இட்டவர் பெயரும் எங்களுக்குத் தெரிந்ததல்ல.

தவறு எங்கே நேர்ந்தது என்பது லேபிளிலேயே தெரிகிறது. அனுப்பியவர் தெரு எண்ணைப் பர்மிய இலக்கத்தில் எழுதியிருக்கிறார். அதில் இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரு சிறு வளைவுதான் வித்தியாசம். பதிவு செய்தவர் அதை 39 என்று அடித்துவிட்டார். கையெழுத்தைத் தவறாகப் படிப்பது யாருக்கும் நேரும். ஆனால் அதே லேபிளில் டவுன்ஷிப் 'பபேடான்' என்று சரியாகவே இருக்கிறது. 39-ஆம் தெரு சௌத்தடாவில் அல்லவா? தெருவும் டவுன்ஷிப்பும் ஒட்டவில்லை என்பதைப் பார்சல் பிரிக்கும் இடத்திலோ, வண்டியில் ஏற்றும்போதோ ஒருவர் கவனித்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

லேபிளில் இருக்கும் கைப்பேசி எண்ணுக்கும் அழைப்பே வரவில்லை. மாடி வீடுகளுக்கு மணி கட்டிய கயிறு தெருவரை தொங்குகிறது. அதை இழுத்து, வருபவரிடம் பெயர் கேட்டுவிட்டுக் கொடுத்திருந்தால் வேறு வீடு என்று உடனே தெரிந்திருக்கும்.

உள்ளே பித்தளைக் குத்துவிளக்கு 2, பட்டுச்சேலை 4, வேட்டி 12. எல்லாம் 24-ஆம் தேதிக் கல்யாணத்துக்கு வேண்டியவை. ஆகவே நான் கேட்பது:

உங்கள் ஆளே 39-ஆம் தெருவுக்குப் போய்ப் பார்சலை மீட்டு, 17-ஆம் தேதிக்குள் என் வீட்டில் சேர்க்க வேண்டும். அந்த வீட்டாரிடம் போய்க் கேட்கும்படி என்னிடம் சொல்ல வேண்டாம். பொருளுக்கு அதுவரை பொறுப்பு உங்களுடையது. ஒட்டுநாடா பிரிந்திருந்தால் என் முன்னிலையில் எடை போட்டு, பட்டியலோடு சரிபார்த்து, குறைவை எழுதித் தர வேண்டும். 'ஒப்படைக்கப்பட்டது' என்ற பதிவையும் இன்றே திருத்துங்கள். அது அப்படியே இருந்தால் நாளை இழப்பீடு கேட்கும்போது என் கையெழுத்தாகவே எண்ணப்படும்.

17-ஆம் தேதிக்குள் கிடைக்காவிட்டால் அறிவித்த மதிப்பு முழுவதையும், அனுப்பியவர் கட்டிய 8,500 சாட் கட்டணத்தையும் தர வேண்டும். பதிலை எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
மு. சரவணன்

இணைப்பு: ரசீது நகல், லேபிள் படம், டெலிவரிப் படம், எங்கள் கட்டட வாசல் படம், பொருள் பட்டியல்.