ஞாயிறு காதுகுத்து விருந்து: கறி ஊறப்போடும் அளவுச் சீட்டு

தம்பி, சனிக்கிழமை ராத்திரி நான் பழனியில் ஒரு வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். மண்டபம் வந்து சேர விடிகாலை அஞ்சு மணி ஆகிவிடும். அதனால் இந்தத் தடவை கறி ஊறப்போடுவது முழுக்க உன் பொறுப்பு. நூற்று அறுபது இலை. மட்டன் பிரியாணிக்கு 16 கிலோ வெள்ளாட்டுக் கறி, சிக்கன் 65-க்கு எலும்போடு சின்னத் துண்டாக வெட்டிய கோழி பதினெட்டரை கிலோ. அரை கிலோ கோழியை மசாலா படாமல் தனியாக எடுத்து வைத்துவிடு. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். மீதி பதினெட்டில் 16 பெரியவர்களுக்கு, 2 குழந்தைகளுக்கு.

முதலில் தராசு. டிஜிட்டல் தராசு, ஒரு கிராம் வரை காட்டுவது, என் மரப்பெட்டியில் இருக்கிறது. எல்லாவற்றையும் அதில் நிறுத்துத்தான் போட வேண்டும். வீட்டில் ஒரு கிலோ செய்யும்போது ஸ்பூன் கணக்கு போதும். மட்டமாக எடுத்த ஒரு ஸ்பூன் பொடி உப்பு ஏறக்குறைய 6 கிராம். அதையே குவித்து எடுத்தால் 9, 10 கிராம் வந்துவிடும். ஒரு கிலோவில் அந்த வித்தியாசத்தை நாக்கு பொறுத்துக்கொள்ளும். பன்னிரண்டு கிலோவுக்கு ரெண்டு ரெண்டு ஸ்பூனாகக் குவித்துப் போட்டால் 80 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போய்விடும். எனக்கு அது நடந்திருக்கிறது. கோழித் துண்டு இலையில் அப்படியே கிடந்தது, பந்தி எழுந்து போனது. அன்றிலிருந்து ஸ்பூனைக் கிளறுவதற்கு மட்டும்தான் எடுக்கிறேன்.

கறியை எப்போது நிறுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். கழுவிய உடனே நிறுத்தால் தண்ணீருக்கும் சேர்த்து உப்பு போடுவாய். கழுவி, ஓட்டைக் கூடையில் அரை மணி நேரம் வடியவிட்டு, அதற்குப் பிறகு நிறுத்துப் பார். கடைக்காரர் 16 என்று கொடுத்தது 15 கிலோ 400 கிராமாக இருந்தால், கணக்கும் 15.4-க்குத்தான். கோழி உப்பு கிலோவுக்கு 14 கிராம். 15.4-ஐ 14-ஆல் பெருக்கினால் 216 கிராம் வரும். மற்றவற்றையும் அப்படியே பெருக்கிக்கொள்.

கோழிக்கு அளவு இது:

| பொருள் | 1 கிலோவுக்கு | 4 கிலோ டப்பாவுக்கு | 16 கிலோவுக்கு |
|---|---|---|---|
| பொடி உப்பு | 14 கிராம் | 56 கிராம் | 224 கிராம் |
| இஞ்சி பூண்டு விழுது | 50 கிராம் | 200 கிராம் | 800 கிராம் |
| தண்ணீர் வடித்த தயிர் | 60 கிராம் | 240 கிராம் | 960 கிராம் |
| காஷ்மீரி மிளகாய்த்தூள் | 20 கிராம் | 80 கிராம் | 320 கிராம் |
| சாதா மிளகாய்த்தூள் | 8 கிராம் | 32 கிராம் | 128 கிராம் |
| மஞ்சள்தூள் | 2 கிராம் | 8 கிராம் | 32 கிராம் |
| கரம் மசாலா | 4 கிராம் | 16 கிராம் | 64 கிராம் |
| மிளகுத்தூள் | 3 கிராம் | 12 கிராம் | 48 கிராம் |

எலுமிச்சைச் சாறு கிலோவுக்கு 15 மில்லி, மொத்தம் 240 மில்லி. பழத்தைப் பொறுத்து பத்திலிருந்து பன்னிரண்டு பழம் பிடிக்கும். இதை ராத்திரி சேர்க்காதே. புளிப்பு ராத்திரி முழுக்க நின்றால் கோழியின் மேல்தோல் மாவு மாதிரி ஆகிவிடும், கடித்தால் சுவை இருக்காது. காலையில் நாலு டப்பாவிலும் 60 மில்லி வீதம் ஊற்று.

16 கிலோவையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கையால் பிசைவது வேண்டாம். அடியில் உள்ளதற்கு உப்பு ஏறியிருக்கும், மேலே உள்ளது வெறும் சிவப்பாக நிற்கும். அதனால் அட்டவணையில் உள்ள எட்டையும் முதலில் ஒரு குண்டானில் கறி இல்லாமல் கட்டியின்றிக் கலக்கு. தூளைத் தயிரில் கரைத்துவிட்டால் முடிச்சு விழாது. மொத்தம் 2 கிலோ 576 கிராம் வரும். அதை நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு டப்பாவுக்கும் 644 கிராம். நிறுத்து ஊற்றி, நாலு கிலோ கோழியைப் போட்டு, துண்டு துண்டாகத் தேய்த்துவிடு. நாலு டப்பாவும் ஒரே ருசியில் நிற்கும்.

கான்ஃப்ளவர் மாவு கிலோவுக்கு 50 கிராம், அரிசி மாவு 20 கிராம், முட்டை ஒன்று. இது மூன்றும் பொரிப்பதற்குச் சற்று முன்னால், ஒவ்வொரு டப்பாவாக. ராத்திரியே போட்டால் தண்ணீர் விட்டு மாவு களியாகும். எண்ணெயில் போட்டதும் மேல்பூச்சு கழன்று அடியில் தங்கி கருகும். நாலு கிலோவுக்கு 200 கிராம் கான்ஃப்ளவர், 80 கிராம் அரிசி மாவு, 4 முட்டை. கறிவேப்பிலையை எண்ணெயில் தனியாகப் பொரித்து மேலே தூவினால் போதும்.

குழந்தைகளுக்கான 2 கிலோவுக்கு உப்பு 26 கிராம், விழுது 80, வடித்த தயிர் 160, காஷ்மீரித் தூள் 20, மஞ்சள் 4 கிராம். சாதா மிளகாய்த்தூளும் மிளகும் கரம் மசாலாவும் எலுமிச்சையும் கிடையாது. நிறம் வரும், காரம் இருக்காது. கான்ஃப்ளவர் கணக்கு அதே. டப்பா மூடியில் வெள்ளை டேப் ஒட்டிவிடு, பந்தியில் மாறிவிடக் கூடாது.

மட்டனுக்கு வருவோம். இங்கேதான் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கக் கூடாது.

ஒரு கிலோ மட்டன் பிரியாணி செய்தால் ஊறப்போட 150 கிராம் தயிர் ஊற்றுகிறேன். 16-ஆல் பெருக்கினால் 2 கிலோ 400. ஆனால் நமக்கு 2 கிலோதான், அதாவது கிலோவுக்கு 125. காரணம் தேக்சாவின் ஆழம். சின்னப் பாத்திரத்தில் கறிக்கு ஏற்ற மேல்பரப்பு அதிகம், தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிப் போகும். பெரிய தேக்சாவில் கறி அடுக்கடுக்காக ஏறி நிற்பதால் அவ்வளவு வேகமாக வற்றாது. தயிர் விட்ட தண்ணீர் உள்ளேயே நின்று, அரிசி போடும்போது அளவைக் குழப்பிவிடும். சீரகச் சம்பா குழைந்தால் திரும்ப எடுக்க முடியாது. உப்பு, மஞ்சள், விழுது, மிளகாய்த்தூள் எல்லாம் நேர்ப்பெருக்கல்தான். அவை ஆவியாகிப் போகிற பொருள் இல்லை.

16 கிலோ மட்டனுக்கு ராத்திரி போட வேண்டியது:

உப்பு 192 கிராம், கிலோவுக்கு 12. இது கறிக்கு மட்டும். அரிசிக்கும் குழம்புக்கும் வேண்டிய உப்பை நான் காலையில் பார்த்துக்கொள்கிறேன், நீ அதற்காகக் கூட்டிப் போடாதே.
விழுது 640 கிராம், கிலோவுக்கு 40. இன்னொரு 640 கிராமை மூடி வை, அது காலையில் எண்ணெயில் வதக்க.
வடிக்காத தயிர் 2 கிலோ.
சாதா மிளகாய்த்தூள் 160 கிராம், மஞ்சள்தூள் 32 கிராம்.

இதையும் கறி சேராமல் கலந்தால் 3 கிலோ 24 கிராம் வரும். நாலு கிலோ டப்பா ஒவ்வொன்றுக்கும் 756 கிராம். புதினா, கொத்தமல்லி ரெண்டும் ஆய்ந்து எடுத்தது 320 கிராம் வீதம் தனித்தனியாகக் கட்டி வை. காலையில்தான் நறுக்க வேண்டும்.

பப்பாளிக்காய் விஷயத்தில் ரொம்பக் கவனம். கறியைத் தொட்டுப் பார். இளங்கறியாக இருந்தால் பப்பாளியே வேண்டாம். முற்றலாக இருந்தால் மட்டும், தோலோடு அரைத்த விழுது கிலோவுக்கு 10 கிராம், மொத்தம் 160. வீட்டு அளவில் 15 போடுவேன். இங்கே குறைப்பதற்குக் காரணம், அந்தக் காயில் உள்ள சத்து கறி சூடாக ஆக இன்னும் வேகமாக வேலை செய்யும், நன்றாகக் கொதித்த பிறகுதான் அடங்கும். பெரிய தேக்சா சூடேற அதிக நேரம் எடுக்கும், அவ்வளவு நேரமும் கறியை அது தின்றுகொண்டே இருக்கும். ராத்திரி போட்டுவிட்டால் காலையில் நூல் நூலாகப் பிரிந்த கறிதான் கிடைக்கும். அரைத்து குளிரில் வைத்துவிடு. நான் வந்து பார்த்து, அடுப்பில் ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பிசைகிறேன்.

இஞ்சி பூண்டு விழுது எல்லாம் சேர்த்து 2 கிலோ 160 கிராம் வேண்டும். இஞ்சி 1 கிலோ 400, பூண்டு 1 கிலோ 400 வாங்கு. தோல் போக ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கழியும், சரியாக இருக்கும். அரைக்கும்போது தண்ணீர் ஊற்றாதே. ஊற்றினால் தராசில் 50 கிராம் என்று காட்டுவதில் பாதி தண்ணீராக இருக்கும். மிக்சி சுற்றவில்லையென்றால் கொஞ்சம் கடலை எண்ணெய் விட்டுக்கொள். கடையில் டப்பாவில் விற்கும் விழுது வேண்டாம். அதில் உப்பு சேர்த்திருப்பார்கள், நம் உப்புக் கணக்கு குலைந்துவிடும்.

தயிர் மொத்தம் நாலேகால் கிலோ. ரெண்டேகால் கிலோவைத் துணியில் கட்டி மதியமே தொங்கவிடு. ஏறக்குறைய பாதியாகும், கோழிக்குத் தேவையான 1 கிலோ 120 வந்துவிடும். மீதி 2 கிலோ மட்டனுக்கு அப்படியே. தயிர் ரொம்பப் புளித்திருந்தால் எனக்கு ஃபோனில் சொல், எலுமிச்சையைக் குறைத்துக்கொள்கிறோம்.

பாத்திரம் எல்லாம் எவர்சில்வர். அலுமினிய அண்டா பக்கத்திலேயே இருக்கும், கை அதற்குத்தான் போகும். தயிரும் எலுமிச்சையும் அலுமினியத்தை அரிக்கும், கறியில் உலோக வாடை ஏறும்.

மண்டபத்து ஃப்ரிட்ஜில் 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கிறேன். டப்பா வாய் அகலமாக, கறி ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும். 16 கிலோவை ஒன்றாகக் குவித்து உள்ளே வைத்தால் வெளிப்பக்கம் குளிர்ந்து, நடுவில் உள்ளது பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கெட்டுப் போவது அங்கிருந்துதான். நாலு நாலு கிலோவாகப் பிரிக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். டப்பாவை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி அடுக்காதே, நடுவில் காற்று போக இடம் விடு. ஃப்ரிட்ஜில் இடம் போதவில்லை என்றால் ஐஸ் பெட்டி எடுத்துக்கொள், காசை நான் தருகிறேன். வெளியே மேசையில் விட்டுவிட்டு சாப்பிடப் போகாதே.

பிசைந்து முடித்ததும் ஒவ்வொரு கோழி டப்பாவிலிருந்தும் ஒரு துண்டு எடுத்து எண்ணெயில் பொரித்துத் தின்று பார். உப்பு குறைவாகத் தெரிந்தால் அந்த டப்பாவுக்கு 5 கிராம் கூட்டு, மறுபடி ஒரு துண்டு பொரி. கூடிவிட்டது என்றால் அதற்குத்தான் அந்த அரை கிலோ வெறும் கோழி. அந்த டப்பாவில் அதைச் சேர்த்து, 50 கிராம் வடித்த தயிரும் கலந்து பிசை. நாலு டப்பாவும் சரியாக இருந்தால் அந்த அரை கிலோவை நம் ஆட்களுக்குக் குழம்பு வைத்துவிடலாம்.

ஒவ்வொரு மூடியிலும் கறி எடை, போட்ட உப்பு, மூடிய நேரம் மூன்றையும் எழுதி ஒட்டு. நான் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.