முதல் ஷிப்ட் மீட்டிங்: காலை 6:05, போர்டு முன்னால்

முதல் ஷிப்டில் வேலை பார்க்கும் எல்லோருக்கும், இரவு ஷிப்டில் இருந்து மெஷினை ஒப்படைக்கும் மூன்று பேருக்கும்,

வரும் திங்கள்கிழமையில் இருந்து நம் லைனில் ஷிப்ட் மீட்டிங் ஆறு நிமிடம்தான். 6:05க்கு ஆரம்பித்து 6:11க்கு முடித்துவிடுவோம். மூன்றாம் மெஷினுக்கும் கேஜ் டேபிளுக்கும் நடுவில் இருக்கும் போர்டு முன்னால் நின்றுகொண்டே பேசுவோம். கம்ப்ரசர் பக்கம் வேண்டாம், அங்கே கத்தினால்தான் காதில் விழுகிறது. போன் பாக்கெட்டுக்குள் இருக்கட்டும். இரவு ஷிப்ட் பஸ் 6:20க்குத்தான் கிளம்புகிறது, அதனால் யாருக்கும் பஸ் தவறாது. நிற்கும் அந்த நேரத்தை ஓவர்டைம் கணக்கில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தேன், ஒப்புதல் வந்துவிட்டது.

இதுவரை நாம் நடத்திய மீட்டிங் இருபது நிமிடம் ஓடியது. அதில் பாதி நேரம் நேற்று எத்தனை பீஸ் வந்தது என்று நான் வாசித்ததிலேயே போனது. அந்த எண்ணிக்கை போர்டில் ஏற்கெனவே இருக்கிறது, கண்ணால் பார்த்தாலே தெரியும். போர்டில் எழுதாத ஒன்றைச் சொல்வதற்குத்தான் கூடுகிறோம்: கடந்த எட்டு மணி நேரத்தில் மெஷினில் என்ன மாறியது?

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பல வருடம் முன்பு வேறு ஓர் இடத்தில் நான் இரவு ஷிப்ட் ஆபரேட்டராக இருந்தேன். நம் ஹவுசிங்கைப் போலவே அங்கேயும் 25 H7 துளை. அதாவது 25.000க்கும் 25.021க்கும் நடுவில் வர வேண்டும். போரிங் இன்செர்ட் தேயத் தேயத் துளை சிறிதாகும், அதற்கு ஈடாக X வியரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளஸ்ஸில் ஏற்றிக்கொண்டே வந்தேன். விடியும்போது +0.018 இருந்தது. 5:50க்கு முனை உடைந்தது. புது இன்செர்ட் மாட்டினேன். வியரை ஜீரோ செய்ய மறந்தேன். சங்கு ஊதியது, கிளம்பிவிட்டேன். வழியில் எதிரே வந்த காலை ஆபரேட்டரிடம் “எல்லாம் ஓகே அண்ணா” என்று மட்டும் சொன்னேன். எட்டு மணிக்குக் கேஜ் வைத்தபோது துளை 25.030. அதற்குள் 46 பீஸ் போயிருந்தது. துளை சிறிதாக இருந்தால் இன்னொரு தடவை வெட்டலாம், பெரிதாகிவிட்டால் இரும்புக்கடைக்குத்தான். காலை ஆபரேட்டர் மேல் தவறே இல்லை. ஆனால் மெமோ அவருக்குத்தான் கொடுத்தார்கள். “இன்செர்ட் மாத்தினேன், முதல் பீஸ் பார்க்கலை” என்று நான் ஒரு வரி சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது. அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால்தான் நம் மீட்டிங்கில் முதல் பேச்சு ஒப்படைக்கிறவருக்கு. இரவு ஆபரேட்டர் தன் மெஷினில் மாறியதைச் சொல்வார்: இன்செர்ட், ஆஃப்செட், புரோகிராம், ஜா, வந்த அலாரம், கடைசியாக அளந்த அளவு. பகல் ஆபரேட்டர் அதைத் தன் வாயால் திரும்பச் சொல்வார். தலையாட்டினால் போதாது. திரும்பச் சொல்லும்போதுதான் காதில் விழாமல் போனது எது என்று தெரியும். ஒரு மெஷினுக்கு இரண்டு பேரும் சேர்ந்து முக்கால் நிமிடம். எதுவும் மாறவில்லை என்றால் “மாற்றம் இல்லை” என்று சொன்னாலே போதும், பேசியாக வேண்டுமே என்று எதையும் இழுக்க வேண்டாம். ஆனால் அந்தச் சொல்லை யோசித்துச் சொல்லுங்கள்.

அப்புறம் குவாலிட்டி, மெயின்டனன்ஸ், மெட்டீரியல். இவர்கள் மூவரும் ஆளுக்கு அரை நிமிடம். தாங்கள் இன்று செய்யப்போவதில் மற்றவர்களைத் தொடுவதை மட்டும் சொன்னால் போதும்.

போன வியாழக்கிழமை ஒரு தடவை ஒத்திகை பார்த்தோம். பேசியதை எழுதி வைத்தேன், கீழே இருக்கிறது. வராதவர்களும் படித்துக்கொள்ளுங்கள்.

நான்: “6:05. முதல்ல பாதுகாப்பு. ரெண்டாம் மெஷின் முன்னாடி தரை ஈரமா இருக்கு, மரத்தூள் போட்டிருக்கோம், பார்த்து நடங்க. ஒண்ணு, மூணுல ஹவுசிங். ரெண்டுல பிளாஞ்ச். மதியம் 1 மணிக்கு வண்டி, ஹவுசிங் 600 போகணும். கையில 390 இருக்கு, இன்னும் 210 வேணும். ஒண்ணாம் மெஷின் சொல்லுங்க.”

செல்வம்: “மூணு மணிக்கு போரிங் இன்செர்ட் மாத்தினேன். வியர் ஜீரோ பண்ணிட்டு முதல் பீஸ் பார்த்தேன், 25.009. இப்போ X வியர் +0.004. கடைசி பீஸ் 25.010.”

முருகேசன் அண்ணன்: “மூணு மணிக்குப் புது இன்செர்ட். வியர் பிளஸ் நாலு மைக்ரான். கடைசி பீஸ் 25.010. சரி தம்பி, வாங்கிக்கிட்டேன்.”

பிரவீன்: “ரெண்டுல அளவு, ஆஃப்செட் எதுவும் மாறலை. நாலு மணியில இருந்து சிப் கன்வேயர் ஓரமா கூலண்ட் சொட்டுது. டேங்க்ல ஒரு வாளி தண்ணி ஊத்தியிருக்கேன்.”

சதீஷ்: “அளவு மாறலை. கூலண்ட் கசிவு, ஒரு வாளி ஊத்தியாச்சு. செறிவு இறங்கியிருக்கும், நான் ரிஃப்ராக்டோமீட்டர் வச்சுப் பார்த்துக்கறேன்.”

அந்தோணி: “மூணுல சக் பிரஷர் அலாரம் ரெண்டு தடவை. 4:20, 5:10. ரீசெட் பண்ணி ஓட்டினேன். என்னன்னா சார், போன வாரமும் இதே மாதிரி...”

நான்: “போன வாரத்துக் கதை பிறகு. போர்டுல எழுதிட்டேன். இப்போ மெஷின் ஓடுதா?”

அந்தோணி: “ஓடுது சார். அளவு 25.012.”

நான்: “சக் பிரஷர் விளையாட்டு இல்லை, பீஸ் கழன்று வந்தா ஆள் மேல படும். பாஷா அண்ணன் பார்த்துச் சொல்ற வரைக்கும் மூணு நிக்கட்டும். ரமேஷ், திரும்பச் சொல்லு.”

ரமேஷ்: “4:20, 5:10, சக் பிரஷர் அலாரம். பாஷா அண்ணன் சொல்ற வரைக்கும் மூணை ஓட்ட மாட்டேன்.”

கவிதா மேடம்: “ஏர் கேஜ் மாஸ்டர் வச்சுப் பார்த்துட்டேன், சரியா இருக்கு. நேத்து ஹவுசிங்ல ரெண்டு பீஸ்ல துளை விளிம்புல பர் இருந்தது, விரல் வச்சுப் பாருங்க. முதல் பீஸ்ல என் கையெழுத்து விழுந்த பிறகுதான் ரெண்டாவது பீஸ்.”

பாஷா அண்ணன்: “முதல்ல மூணு. ஹைட்ராலிக் எண்ணெய், பில்டர் பார்த்துட்டு 6:30க்குச் சொல்றேன். ரெண்டோட கசிவு அதுக்கப்புறம்.”

பிகாஷ்: “காஸ்டிங் ஒண்ணுல ரெண்டு ட்ரே இருக்கு. காலி பின் இல்லை. நாலு வேணும்.”

நான்: “ஸ்டோர்ஸ்ல நான் கேட்கறேன், 6:20க்குள்ள வந்துடும். மூணு நிக்கறதால 210 இழுக்கும். ஒண்ணாம் மெஷின் டீ நேரத்துலயும் ஓடணும், ரமேஷ் போய் முருகேசன் அண்ணனை மாத்திவிடு. அவ்வளவுதான், போகலாம்.”

கடிகாரத்தில் 6:10 தாண்டி நாற்பது வினாடி. பிறகு அந்தோணி, பாஷா அண்ணன், நான் மூவர் மட்டும் மூன்றாம் மெஷின் பக்கம் போய் போன வாரத்துக் கதையை முழுதாகக் கேட்டோம். பில்டர் அடைத்திருந்தது. மாற்றி, பிரஷர் பார்த்து, 7:05க்கு மெஷின் ஓடியது. அந்தோணி சொல்ல வந்தது தேவையான விஷயம்தான். ஆனால் அதைக் கேட்க மற்ற ஏழு பேரும் நின்றிருக்க வேண்டியதில்லை.

நேரத்தை இழுப்பது பெரும்பாலும் இந்த இடம்தான். காரணம் தேட ஆரம்பித்தால் ஆளுக்கு ஒன்று தோன்றும். அதனால் போர்டின் வலது மூலையில் “பிறகு” என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். யார் பேச்சு காரணத்துக்குள் நுழைந்தாலும், நான் நுழைந்தாலும், பக்கத்தில் நிற்பவர் “பிறகு” என்று சொல்லலாம். சொல்லப்பட்டவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. கட்டத்தில் விஷயத்தையும் இரண்டு பெயரையும் எழுதுவேன். அன்று டீ நேரத்துக்குள் அந்த இரண்டு பேரும் என்னோடு பேசி முடிப்பார்கள். அங்கே எழுதியது மறுநாள் வரை அழியாமல் கிடந்தால் என்னைக் கேளுங்கள். பேச்சை வெட்டிவிட்டுப் பிறகு கேட்காமல் விட்டால், அடுத்த தடவை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இன்னொன்று. அலாரத்தை ரீசெட் செய்து ஓட்டியதை அந்தோணி மறைக்காமல் சொன்னார். “ஏன் ஓட்டினாய்” என்று பத்துப் பேர் முன்னால் நான் கேட்கவில்லை, இனிமேலும் கேட்க மாட்டேன். சக் அலாரம் வந்தால் மெஷினை நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும் என்பதை அவரிடம் தனியாகப் பேசினேன். போர்டு முன்னால் யாரையும் திட்டுவது கிடையாது. மேலே இருந்து யாராவது வந்து நின்றாலும் இதே விதிதான், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன்.

பிகாஷுக்குத் தமிழ் வேகமாகப் பேசினால் பிடிபடவில்லை. அவர் பேசும்போது யாரும் முந்திக்கொண்டு முடித்து வைக்க வேண்டாம், நான்கு வாக்கியத்தில் அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறார். மெஷின் எண்ணை எல்லோரும் விரலாலும் காட்டுங்கள்.

தாமதமாக வருகிறவருக்காக மறுபடி ஆரம்பிக்க மாட்டோம். பகல் ஆபரேட்டர் 6:05க்கு வரவில்லை என்றால் அந்த மெஷினை நான் வாங்கிக்கொள்வேன், நானே திரும்பச் சொல்வேன். அவர் வந்ததும் என்னிடம் வாங்கிக்கொள்ளட்டும். நான் லீவு என்றால் முருகேசன் அண்ணன் நடத்துவார். மின்வாரியம் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள், புது ஆள் வரும் நாள், புது பார்ட் ஏறும் நாள் ஆகியவற்றில் மட்டும் பத்து நிமிடம் வரை போகலாம். அது முந்தின நாளே போர்டில் இருக்கும்.

ஆறு நிமிடத்தைக் கவிதா மேடம் கடிகாரம் பார்த்துச் சொல்வார். ஐந்தாவது நிமிடத்தில் கையைத் தூக்குவார். அப்போது பேசிக்கொண்டிருப்பவர் அந்த வாக்கியத்தோடு நிறுத்திவிட்டு அடுத்தவருக்கு விட வேண்டும்.

திங்கள்கிழமை முதலில் பேசுவது ஒன்றாம் மெஷின். செல்வம், வருவதற்கு முன் வியர் பக்கத்தைத் திறந்து பார்த்து, எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு வந்துவிடு.