வேறொருவரோடு பழக ஆரம்பித்ததும் நிவேதா அனுப்பிய மெசேஜ்கள்

கார்த்திக்குக்கு, வாட்ஸ்அப்பில், வெள்ளி 5 டிசம்பர், இரவு 8.10

கார்த்திக், வீட்டுக்கு வந்துட்டீங்களா? வண்டியில இருந்தா இதை அப்புறமா படிங்க, அவசரமில்லை.

ஒருத்தரோட பழக ஆரம்பிச்சிருக்கேன். நாங்க ரெண்டு பேரும் நேத்து பேசி, இனிமே வேற யாரையும் பார்க்க வேண்டாம்னு முடிவு பண்ணினோம். அதனால நம்ம சந்திப்பை இதோட நிறுத்திக்கிறேன். 20ஆம் தேதி கச்சேரிக்கும் நான் வரலை.

நாம மூணு தடவை பார்த்திருக்கோம். அதனால உங்களுக்கு ரெண்டு வரி மட்டும் எழுதி முடிக்க மனசு வரலை. நாம கடைசியா பார்த்தது நவம்பர் 23. அன்னிக்கு அவரை எனக்குத் தெரியும், ஒரு தடவை காபி சாப்பிட்டிருந்தோம், அவ்வளவுதான். நான் வேற சிலரையும் பார்க்கிறேன்னு கோட்டூர்புரம் லைப்ரரி வாசல்ல முதல் நாளே உங்ககிட்ட சொல்லியிருந்தேன். பெசன்ட் நகர்ல உங்ககூட நடந்தப்போ சொன்னது எதுவும் பொய்யில்லை. தேதிகளை இவ்வளவு விவரமா எழுதுறதுக்குக் காரணம், பின்னாடி நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்து மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்.

உங்ககிட்ட குறைன்னு ஒண்ணும் இல்லை. அவரையும் உங்களையும் பக்கத்துல நிறுத்தி ஒப்பிட்டுச் சொல்லவும் மாட்டேன். அது ரெண்டு பேருக்குமே அநியாயம்.

கச்சேரி டிக்கெட் ரெண்டும் உங்க போன்லதான் இருக்கு. என் டிக்கெட் காசு 600 ரூபாய் இப்போதான் ஜிபே பண்ணினேன், தயவுசெஞ்சு திருப்பி அனுப்பாதீங்க. அந்த சீட்டுக்கு உங்க தங்கச்சியையோ ஃப்ரெண்டையோ கூட்டிட்டுப் போங்க. இன்னும் ரெண்டு வாரம் இருக்கு.

உங்க அப்பா பேர் எழுதின புத்தகம் என்கிட்ட இருக்கு. நீங்க அடையாளத்துக்கு வெச்ச பழைய பஸ் டிக்கெட் 112ஆம் பக்கத்துலயே இருக்கு, எடுக்கலை. திங்கக்கிழமை கூரியர் பண்றேன். ஆபீஸ் அட்ரஸுக்கா வீட்டுக்கான்னு மட்டும் சொல்லுங்க. நேர்ல வந்து குடுத்தா அது இன்னொரு சந்திப்பு மாதிரி ஆகிடும், அதான் கூரியர்.

இதுக்குப் பதில் எழுதியே ஆகணும்னு இல்லை. அட்ரஸ் மட்டும் போதும்.

வினோத்துக்கு, டேட்டிங் ஆப் சாட்டில், அதே நாள், இரவு 8.40

வினோத், நாளைக்கு சாயங்காலம் 5 மணிக்குப் பார்க்கலாம்னு இருந்தோம், இல்லையா? நான் வரலை. ஒருத்தரோட பழக ஆரம்பிச்சிருக்கேன், அதனால புதுசா யாரையும் சந்திக்கறதை நிறுத்திட்டேன். வேலை வந்துடுச்சு, உடம்பு சரியில்லைன்னு சொன்னா நீங்க வேற தேதி கேப்பீங்க. அதான் உள்ளதையே சொல்றேன்.

தாம்பரத்துலேர்ந்து ட்ரெயின் பிடிச்சு, அப்புறம் பஸ் மாறி வரணும்னு சொன்னீங்க. கிளம்பற நேரத்துல சொல்லக் கூடாதுன்னுதான் இன்னிக்கே எழுதறேன். டேபிள் என் பேர்ல புக் பண்ணியிருந்தேன், கேன்சல் பண்ணிட்டேன். நீங்க கடைக்குப் போன் பண்ண வேண்டாம்.

இன்னொண்ணு. ஞாயிறு ராத்திரி என் அக்கவுண்டை டெலிட் பண்றேன். அதுக்கு முன்னாடி மேட்சையும் எடுத்துடுவேன். எடுத்தா இந்த சாட் உங்க பக்கமும் காணாமப் போயிடும். சைக்கிள் சர்வீஸ் பண்றவர் நம்பர் மேல இருக்கு, வேணும்னா இப்பவே குறிச்சு வெச்சுக்கங்க. திடீர்னு காணோமேன்னு நினைக்காதீங்க, உங்க மேல கோபம் எதுவும் இல்லை.

அரவிந்துக்கு, ஆப் சாட்டில்

ஹாய் அரவிந்த். ரெண்டு நாளாதான் பேசறோம், ஆனாலும் சொல்லாம போக வேண்டாம்னு தோணிச்சு. ஒருத்தரோட பழக ஆரம்பிச்சிருக்கேன், அதனால ஆப்லேர்ந்து விலகறேன். உங்க கேள்விகள் எல்லாம் நல்லா இருந்துச்சு. நல்லபடியா அமையட்டும்.

பிரபு அவர்களின் அம்மாவுக்கு, வாட்ஸ்அப்பில், சனி 6 டிசம்பர், காலை 10.15

வணக்கம் அம்மா. நான் மேடவாக்கம் நிவேதா. பெரியவங்க பேச வேண்டிய விஷயம்தான். அப்பா நாளை மாலை உங்களைக் கூப்பிடுவார். அதற்கு முன்னால் நானே ஒரு வார்த்தை சொல்வதுதான் மரியாதை என்று எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒருவரோடு திருமண எண்ணத்தோடு பழக ஆரம்பித்திருக்கிறேன். அப்பா அம்மாவிடம் நேற்று இரவு சொல்லிவிட்டேன். அவர்களுக்கும் இது புதுச் செய்திதான். உங்களிடம் ஜாதகம் வாங்கியபோது அவர்கள் எதையும் மறைக்கவில்லை. வருத்தம் இருந்தால் அது என்மேல் இருக்கட்டும்.

பத்துக்கு ஏழு பொருத்தம் இருக்கிறது, தை பிறந்ததும் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லியிருந்தீர்கள். அதுவரை உங்களைக் காத்திருக்க வைப்பது தவறு. மார்கழி பிறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் வேறு இடத்தில் பேச நினைத்தால் தாராளமாகப் பேசுங்கள். தரகரிடம் ஜாதகம் ஒத்துவரவில்லை என்று சொல்ல வேண்டாம் அம்மா. அப்படிச் சொன்னால் உங்கள் மகன் ஜாதகத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று பேச்சு வரும். பெண் வீட்டார் விலகிக்கொண்டார்கள் என்றே சொல்லுங்கள். அப்பாவும் அதையேதான் சொல்வார்.

பிரபு அவர்களின் ஜாதகம், பயோடேட்டா, இரண்டு போட்டோ எல்லாவற்றையும் எங்கள் மூன்று பேர் போனிலிருந்தும் அழித்துவிட்டோம். என்னுடையதையும் நீங்கள் அழித்துவிட வேண்டும். சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டிருந்தால் அங்கேயும் சொல்லிவிடுங்கள். போட்டோ ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பிறந்த நேரமும் ஊரும் சேர்ந்து இருப்பதால்தான் கேட்கிறேன்.

பிரபு அவர்களோடு இரண்டு முறை போனில் பேசினேன். மரியாதையாகப் பேசினார். அவருக்கும் இப்போதே தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறேன், உங்கள் மூலமாகத் தெரியவேண்டிய நிலை வராது.

பிரபுவுக்கு, அதே நேரம்

வணக்கம் பிரபு. அம்மாவுக்கு இப்போதுதான் விவரமாக எழுதினேன். ஒருவரோடு பழக ஆரம்பித்திருக்கிறேன், அதனால் இந்த வரன் பேச்சிலிருந்து விலகிக்கொள்கிறேன். வீட்டில் கேள்வி உங்களிடம்தான் முதலில் வரும். "அந்தப் பெண்ணே விலகிக்கொண்டாள், நான் எதுவும் சொல்லவில்லை" என்று தயங்காமல் சொல்லுங்கள். மன்னிக்கவும்.

கார்த்திக்குக்கு மீண்டும், சனி, மதியம் 1.30

அவர் ராத்திரி 11 மணிக்கு எழுதியிருந்தார்: "நான் என்ன தப்பு பண்ணினேன்? சரி, ஃப்ரெண்ட்ஸா இருக்கலாமா? அவர்கூட ஒத்து வரலைன்னா சொல்லுங்க, நான் வெயிட் பண்றேன்."

கார்த்திக், ராத்திரியே பார்த்தேன். ராத்திரி பதில் சொன்னா பேச்சு நீண்டுகிட்டே போகும்னு காலைல வரைக்கும் வெச்சிருந்தேன், அப்புறம் வீட்டு வேலைல மதியம் ஆகிடுச்சு.

நீங்க தப்பு எதுவும் பண்ணலை. சமாதானத்துக்காகச் சொல்லலை. இதைத் திருத்திக்கிட்டா சரியாகும்னு ஒண்ணு இருந்திருந்தா அதை முன்னாடியே சொல்லியிருப்பேன்.

வெயிட் பண்ண வேண்டாம். இதை எவ்வளவு தெளிவா சொல்ல முடியுமோ அவ்வளவு தெளிவா சொல்றேன். ஒத்து வரலைன்னாலும் நான் உங்களுக்கு மெசேஜ் பண்ண மாட்டேன். "பார்க்கலாம்"னு ஒரு வார்த்தை சொன்னாக்கூட அதை வெச்சுக்கிட்டு நாலு மாசம் போயிடும்.

ஃப்ரெண்ட்ஸா இருக்கறதும் இப்போ வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவை "சாப்டாச்சா"ன்னு கேட்டுக்கிட்டிருந்தா உங்களுக்கு ஆறாது, எனக்கும் அவர்கிட்ட மறைக்கிற மாதிரி இருக்கும். உங்க நம்பரை பிளாக் பண்ணலை, போன்லேர்ந்து எடுத்துடறேன். புத்தகக் கண்காட்சியில எதிர்ல வந்தா நின்னு ரெண்டு வார்த்தை பேசலாம், அதுல எனக்கு சங்கடம் இல்லை.

வீட்டு அட்ரஸ் கிடைச்சுது. பிளாஸ்டிக் கவர்ல போட்டு, மேல அட்டை வெச்சுக் கட்டியிருக்கேன். திங்கள் அனுப்பினதும் ட்ராக்கிங் நம்பர் வரும், அதோட நம்ம பேச்சு முடிஞ்சுது.