நவதிருப்பதி, வானமாமலை, திருக்குறுங்குடி திவ்யதேச யாத்திரை: 2027 ஜனவரி 29 முதல் 31 வரை

ஸ்ரீரங்கத்திலிருந்து புறப்பட்டு, தாமிரபரணிக் கரையில் உள்ள நவதிருப்பதிகளையும் அதற்குத் தெற்கே உள்ள வானமாமலை, திருக்குறுங்குடி ஆகிய திவ்யதேசங்களையும் சேவித்துத் திரும்பும் யாத்திரை, வருகிற தை மாதத்தில் நடைபெற உள்ளது. 2027 ஜனவரி 29, வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டு, 31, ஞாயிற்றுக்கிழமை இரவு ஸ்ரீரங்கம் வந்து சேருகிறோம். நபர் ஒருவருக்குக் கட்டணம் ரூ. 6,800. முன்பதிவுக்குக் கடைசி நாள் ஜனவரி 9, சனிக்கிழமை.

ஒன்பது கோயில்களையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திருச்செந்தூருக்கும் போய் வரும் பயணத் திட்டங்கள் பல உள்ளன. அவசரமாக வர வேண்டியவர்களுக்கு அவை உதவலாம். ஆனால் ஒவ்வொரு சன்னிதியிலும் அந்தந்த ஊருக்கு நம்மாழ்வார் அருளிய பாசுரங்களில் சிலவற்றையாவது நின்று சேவித்து, தீர்த்தமும் சடாரியும் பெற்றுக்கொண்டு, பெருமாளின் திருமுகத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்காகவே இந்த யாத்திரையை அமைத்திருக்கிறோம். இந்தக் காரணத்தால்தான் திருச்செந்தூரை இதில் சேர்க்கவில்லை. விடுமுறை நாளில் அங்கு வரிசையில் நிற்கும் நேரம், ஆழ்வார்திருநகரியில் செலவிட வேண்டிய மாலைப் பொழுதை முழுவதுமாக எடுத்துக்கொண்டுவிடும்.

புறப்பாடு: ஜனவரி 29, வெள்ளி இரவு

குளிர்சாதன வசதியும் சாயும் இருக்கைகளும் கொண்ட பேருந்து, ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் அருகிலிருந்து இரவு 9 மணிக்குப் புறப்படும். சத்திரம் பேருந்து நிலையத்தில் 9.20 மணிக்கும், மன்னார்புரத்தில் 9.45 மணிக்கும், மதுரை மாட்டுத்தாவணியில் நள்ளிரவு 12.30 மணிக்கும் ஏறிக்கொள்ளலாம். இரவு உணவை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். அதிகாலை 4 மணி வாக்கில் திருநெல்வேலியில் தங்கும் விடுதியை அடைந்து, சற்றுப் படுத்து எழுந்து, நீராடி, காபி, சிற்றுண்டி முடித்து 6.30 மணிக்குத் தயாராக இருக்க வேண்டும்.

முதல் நாள்: ஜனவரி 30, சனி

நவதிருப்பதிகள் நவக்கிரகத் தலங்களாகவும் போற்றப்படுவதால், சூரியன், சந்திரன் என்று கிரக வரிசைப்படி போக வேண்டாமா என்று பலர் கேட்கிறார்கள். அப்படிப் போனால் ஆற்றை மாறி மாறிக் கடந்து, பாதி நேரம் பேருந்திலேயே கழியும். மேலும் கோயில்கள் பெரும்பாலும் பகல் 12 மணிக்குள் நடை சாத்தப்பட்டு மாலை 5 மணிக்கே திறக்கப்படுவதால், ஒரு கோயிலில் தாமதமானால் அடுத்த கோயிலின் சேவை கிடைக்காமல் போகும். ஆகவே வடகரைக் கோயில்களைக் காலையிலும் தென்கரைக் கோயில்களை மாலையிலும் வைத்திருக்கிறோம். இங்கே பெருமாளே அந்தந்தக் கிரகத்தின் நிலையில் இருந்து அருள்கிறார் என்பது நம்பிக்கை. வரிசை மாறுவதால் பலன் குறையும் என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

காலை 7.30 மணிக்கு ஸ்ரீவைகுண்டத்தில் ஆதிசேஷன் குடை பிடிக்க நின்ற திருக்கோலத்தில் இருக்கும் வைகுண்டநாதரையும் உற்சவர் கள்ளப்பிரானையும் சேவிக்கிறோம். இது சூரியத் தலம். அடுத்து, நத்தம் என்று வழங்கும் வரகுணமங்கையில், சந்திரத் தலத்தில், விஜயாசனப் பெருமாள் வீற்றிருந்த திருக்கோலம். அங்கிருந்து மிக அருகில் புதனுக்குரிய திருப்புளிங்குடி. அங்கே காய்சினவேந்தன் சயனத் திருக்கோலம். புளிங்குடியில் கிடந்தும், வரகுணமங்கையில் இருந்தும், வைகுந்தத்தில் நின்றும் அருளும் மூன்று கோலங்களையும் ஆழ்வார் ஒரே பாசுரத்தில் சேர்த்துப் பாடியிருப்பதால், இந்த மூன்று கோயில்களையும் இடையில் வேறு எங்கும் நிறுத்தாமல் தொடர்ந்து சேவிக்கிறோம்.

திருப்புளிங்குடியில் மட்டும் ஒரு வேண்டுகோள். சன்னிதியில் தரிசனம் முடிந்ததும் உடனே வெளியே வந்துவிடாதீர்கள். பெருமாளின் திருமேனி மிகப் பெரியது. கருவறை வாசலில் நின்று பார்த்தால் திருவடிகள் கண்ணில் படுவதில்லை. பிரகாரத்தைச் சுற்றி வரும்போது சுவரில் ஒரு சிறிய ஜன்னல் இருக்கும். அதன் வழியே குனிந்து உள்ளே பார்த்தால்தான் திருவடி சேவை கிடைக்கும். உள்ளே இருட்டாக இருப்பதால் கண் பழகச் சற்று நேரம் பிடிக்கும். இந்த ஜன்னல் இருப்பதே தெரியாமல் திரும்பிவிடுகிறவர்கள் பலர் என்பதால், எங்கள் வழிகாட்டி அங்கே நின்று ஒவ்வொருவராக அனுப்பிவைப்பார்.

பிறகு சனித் தலமான பெருங்குளத்தில் மாயக்கூத்தனையும், இரட்டைத் திருப்பதி எனப்படும் தொலைவில்லிமங்கலத்தில் ராகுவுக்கும் கேதுவுக்கும் உரிய இரண்டு கோயில்களில் ஸ்ரீநிவாசனாகிய தேவபிரானையும் அரவிந்தலோசனனையும் சேவிக்கிறோம். அரவிந்தலோசனனுக்குச் சாற்றத் தாமரை மலர்களை எங்கள் செலவிலேயே கொண்டு வருகிறோம்.

மதிய உணவும் ஓய்வும் ஆழ்வார்திருநகரியில் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளன. பாய், தலையணை, மின்விசிறியுடன் கூடிய கூடம் இருப்பதால் மூத்தவர்கள் 4 மணி வரை படுத்து எழலாம்.

மாலையில் முதலில் சுக்கிரத் தலமான தென்திருப்பேரையில் மகரநெடுங்குழைக்காதர் சன்னிதி. இங்கே கருடன் சன்னிதி நேர் எதிரே இல்லாமல் சற்று விலகி இருக்கும். வெளியே விளையாடும் குழந்தைகளைப் பெருமாள் பார்ப்பதற்காகக் கருடன் ஒதுங்கி நிற்கிறார் என்று ஊரார் சொல்வார்கள். அடுத்தது செவ்வாய்த் தலமான திருக்கோளூர். குபேரனின் நிதிகளுக்குக் காவலாக அளக்கும் மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும் வைத்தமாநிதிப் பெருமாளின் ஊர், மதுரகவி ஆழ்வார் அவதரித்த ஊரும் ஆகும்.

திருக்கோளூரிலிருந்து நேராக ஆழ்வார்திருநகரிக்குத் திரும்புகிறோம். மதுரகவிகள் தம் ஆசாரியனாகிய நம்மாழ்வாரைக் கண்ட இடத்துக்கு, அவர் பிறந்த ஊரிலிருந்தே செல்ல வேண்டும் என்பதற்காக, குருத் தலமான இந்தக் கோயிலைக் கடைசியாக வைத்தோம். ஆதிநாதரையும் நம்மாழ்வாரையும் சேவித்த பிறகு, ஆழ்வார் எழுந்தருளியிருந்த புளியமரமான திருப்புளியாழ்வார் அடியில் அமர்ந்து, மதுரகவிகள் அருளிய பதினொரு பாசுரங்களையும் எல்லோரும் சேர்ந்து சேவிப்போம். பாசுரம் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். பெரிய எழுத்தில் அச்சிட்ட பாசுரத் தாள் அனைவருக்கும் தரப்படும். உண்மையில் இந்த யாத்திரை முழுவதுமே இந்த ஒரு பொழுதுக்காகத் திட்டமிடப்பட்டது என்று சொல்லலாம். இதை மட்டும் யாரும் தவறவிட வேண்டாம். இரவு உணவுக்கும் தங்கலுக்கும் திருநெல்வேலி திரும்புகிறோம்.

இரண்டாம் நாள்: ஜனவரி 31, ஞாயிறு

காலை 6 மணிக்கு அறைகளைக் காலி செய்து புறப்படுகிறோம். நாங்குநேரி என்று வழங்கும் வானமாமலை, திருவரங்கத்தைப் போலவே எட்டு சுயம்வியக்த க்ஷேத்திரங்களுள் ஒன்று. பெருமாளுக்கு நாள்தோறும் நடக்கும் எண்ணெய்த் திருமஞ்சனத்தின் எண்ணெய், கோயிலுக்குள் உள்ள எண்ணெய்க் கிணற்றில் சேர்க்கப்படுகிறது. அதை மருந்தாகப் போற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்ல விரும்புவோர், இறுக மூடக்கூடிய சிறு பாட்டில் ஒன்றைக் கையோடு கொண்டு வரவும். சிற்றுண்டிக்குப் பிறகு 9.30 மணி வாக்கில் திருக்குறுங்குடியை அடைந்து, நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி ஆகியோரைச் சேவித்து, மண்டபத் தூண்களின் சிற்பங்களையும் நின்று பார்க்கிறோம். நம்பாடுவானின் கதையை நம்பியின் சன்னிதியிலேயே எங்களுடன் வரும் உபந்யாசகர் சொல்வார். மதிய உணவு முடிந்து 1.30 மணிக்குப் புறப்பட்டு, மதுரை வழியாக இரவு 9.30 மணி அளவில் ஸ்ரீரங்கம் சேருகிறோம்.

கட்டணத்தில் அடங்குபவை

பேருந்துப் பயணம், சுங்கக் கட்டணம், ஓட்டுநர் படி, இருவருக்கு ஓர் அறை வீதம் குளிர்சாதன விடுதி, சனி, ஞாயிறு இரு நாள்களிலும் காபி, சிற்றுண்டி, மதிய உணவு, சனி இரவு உணவு, ஞாயிறு இரவு வழியில் சாப்பிடப் பொட்டலமாகத் தயிர்சாதம், குடிநீர், பாசுரத் தாள், வழிகாட்டி, உபந்யாசகர் ஆகிய அனைத்தும் ரூ. 6,800-ல் அடங்கும். உணவு முழுவதும் வெங்காயம், பூண்டு சேர்க்காமல் எங்களுடன் வரும் சமையற்காரர்களாலேயே சமைக்கப்படும். நீரிழிவு உள்ளவர்கள் முன்பே சொன்னால் மதியத்தில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டித் தருவார்கள். 5 முதல் 11 வயது வரையான குழந்தைகளுக்குத் தனி இருக்கையுடன் ரூ. 5,200. தனி அறை வேண்டுவோர் ரூ. 1,500 கூடுதலாகச் செலுத்த வேண்டும்.

கட்டணத்தில் அடங்காதவை

அர்ச்சனை, சிறப்பு தரிசனச் சீட்டு, தட்டுக் காணிக்கை, செருப்புப் பாதுகாப்பு, கேமரா கட்டணம், வழியில் வாங்கும் தின்பண்டங்கள், மருத்துவச் செலவு, பயணக் காப்பீடு ஆகியவை யாத்திரிகர்களின் சொந்தச் செலவு. கோயில்களில் கட்டாயமாகப் பணம் தர வேண்டும் என்று எங்கள் சார்பில் யாரும் கேட்க மாட்டார்கள். எனினும் சிறிய திவ்யதேசங்களில் கைங்கர்யம் செய்யும் பட்டர்களின் வருமானம் மிகக் குறைவு என்பதை நினைவில் கொண்டு, இயன்றதைச் சம்பாவனையாகத் தருவது நல்லது. திருக்குறுங்குடி மலைமேல் நம்பி கோயில் வனப்பகுதியில் இருப்பதாலும், ஜீப்பில் போய் வர நேரம் போதாது என்பதாலும் அது இந்தத் திட்டத்தில் இல்லை.

கவனிக்க வேண்டியவை

ஆண்கள் வேட்டியும், பெண்கள் புடவை அல்லது துப்பட்டாவுடன் சுடிதாரும் அணிய வேண்டும். விடுதியில் காட்ட ஆதார் அட்டை நகல் அவசியம். மொத்தம் பதினொரு கோயில்களில் ஏறி இறங்கி நடக்க வேண்டியிருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் துணைக்கு ஒருவருடன் வருவது நல்லது. அவர்களுக்கு முன்வரிசை இருக்கை ஒதுக்கப்படும். மற்ற இருக்கைகள் பணம் செலுத்திய வரிசைப்படியே தரப்படும்.

முன்பதிவும் ரத்தும்

மொத்த இடங்கள் 40. முன்பணம் ரூ. 2,500-ஐ ஜனவரி 9, சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் உள்ள எங்கள் அலுவலகத்தில் நேரில் செலுத்தலாம்; அல்லது இந்த அறிவிப்பு உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் எண்ணுக்கே பெயர், வயது, ஏறும் இடம் ஆகியவற்றை அனுப்பினால், பணம் செலுத்தும் விவரம் தெரிவிக்கப்படும். மீதித் தொகையை ஜனவரி 18, திங்கட்கிழமைக்குள் செலுத்திவிட வேண்டும். விடுதிக்கும் பேருந்துக்கும் நாங்கள் அன்றே முழுப் பணம் கட்டுவதால் இந்தத் தேதியை நீட்டிக்க இயலாது.

ஜனவரி 18-க்குள் ரத்து செய்தால் ரூ. 500 கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவோம். 19 முதல் 25 வரை பாதித் தொகை திரும்பக் கிடைக்கும். அதன் பிறகு பணம் திருப்பித் தர இயலாது. ஆனால் புறப்படும் நாள் வரையிலும் உங்களுக்குப் பதிலாக உறவினரையோ நண்பரையோ கூடுதல் கட்டணமின்றி அனுப்பலாம். ஜனவரி 9 மாலைக்குள் 25 பேர் சேரவில்லை என்றால் யாத்திரை ஒத்திவைக்கப்பட்டு, முன்பணம் முழுவதும் ஒரு வாரத்திற்குள் திருப்பித் தரப்படும்.