எங்களைப் பற்றி: எங்கள் ஜவ்வரிசி ஏன் பளீர் வெள்ளையாக இல்லை

பாக்கெட்டைப் பிரித்ததும் பலர் கேட்பது, "ஏன் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது?" மரவள்ளிக் கிழங்கு மாவின் நிறம் அதுதான். கடையில் கண்ணைப் பறிக்கும் வெள்ளை சில சமயம் வெளுக்கும் ரசாயனத்தால் வருவது. நாங்கள் அதைச் சேர்ப்பதில்லை. அதனால் மாசியில் வாங்கியதும் ஐப்பசியில் வாங்கியதும் ஒரே நிறத்தில் இருக்காது.

சேலம் - ஆத்தூர் சாலையில் வாழப்பாடிக்குப் பக்கத்தில் சிறிய ஆலை. வேலை செய்பவர்கள் 14 பேர். நாளுக்கு 5 டன் கிழங்கு அரைத்தால் ஒரு டன்னை ஒட்டி ஜவ்வரிசி கிடைக்கும். மழையில் நனைந்த கிழங்காக இருந்தால் இன்னும் குறையும்.

கிழங்கு பிடுங்கிய மறுநாளே உள்ளே நீலக்கறுப்புக் கோடு ஓட ஆரம்பிக்கும். ஆகவே வந்த அன்றே அரவை. வண்டி இரவு வந்தால் மறுநாள் காலை முதல் வேலை அதுதான். மேலே இருக்கும் பழுப்புத் தோல் லேசாக வந்துவிடும். அதன் கீழுள்ள தடித்த தோலைத்தான் கத்தியால் முழுதாகச் சீவ வேண்டும். அதை விட்டுவிட்டால் ஜவ்வரிசியில் கறுப்புப் புள்ளி தெரியும். கிழங்கின் இயற்கையான நச்சும் அந்தத் தோலில்தான் அதிகம். எங்கள் ஆலையில் கூலி அதிகம் போகும் இடம் இதுதான்.

அரைத்த கூழைத் தண்ணீர் விட்டு சல்லடையில் அலசினால் பால் கீழே இறங்கும், திப்பி மேலே தங்கும். திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. பாலைத் தொட்டியில் 6 முதல் 8 மணி நேரம் நிறுத்தினால் மாவு அடியில் கெட்டியாகப் படியும். கரண்ட் போய் இரவு முழுக்க அப்படியே கிடந்தால் புளித்துவிடும். புளித்த மாவை ஜவ்வரிசிக்கு எடுப்பதில்லை.

ஈர மாவை உதிர்த்துக் குலுக்கினால் உருண்டை பிடிக்கும். சலித்து அளவு பிரித்து, தேங்காய் எண்ணெய் தடவிய சூடான தட்டில் வறுக்கிறோம். அனுபவப்பட்ட கை தேவைப்படுவது இங்கேதான். சூடு குறைந்தால் உள்ளே பச்சை மாவாக நின்று, ஊற வைக்கும்போது கரைந்துபோகும். சூடு கூடினால் வெளிப்புறம் வெந்து ஒன்றோடொன்று ஒட்டும். பிறகு களத்தில் வெயில். அடைமழையில் களம் காயாது, அந்த வாரங்களில் ஆர்டர் தாமதமாகும். முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

மக்காச்சோள மாவு விலை மலிவு என்பதால் இந்தத் தொழிலில் கலப்படப் புகார் பழையது. வாயால் "நாங்கள் கலப்பதில்லை" என்று யாரும் சொல்லலாம். மைக்ராஸ்கோப்பில் மரவள்ளி மாவுத் துகள் உருண்டையாக, ஒரு பக்கம் வெட்டியதுபோல் தெரியும், சோளத் துகள் கோணல் மாணலாக இருக்கும். ஒவ்வொரு லாட்டிலும் கால் கிலோ எடுத்து வைத்திருக்கிறோம். எங்கள் பேச்சில் நம்பிக்கை வராவிட்டால் உங்களிடம் உள்ள பாக்கெட்டையே ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாருங்கள். கலப்படம் என்று வந்தால் ஆய்வுக் கட்டணமும் சரக்கின் விலையும் எங்கள் பொறுப்பு.

சில விஷயங்களை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இது இயற்கை விவசாயச் சரக்கு அல்ல. கிழங்கு தரும் விவசாயிகள் உரம் போடுகிறார்கள். ஜவ்வரிசியில் பெரும்பகுதி மாவுச்சத்துதான், புரதம் மிகக் குறைவு. அதனால் 'உடம்புக்குப் பலம்' என்று பாக்கெட்டில் அச்சடிப்பதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது இந்த வட்டாரத்துக்குக் கிடைத்த பெயர். எங்கள் பாக்கெட்டுக்கு யாரும் தந்த தரச் சான்று அல்ல.

நாங்கள் விற்பது வறுத்த மாவு ஜவ்வரிசி மட்டும். பாயசத்துக்குக் கண்ணாடிபோல் தெரியும் நைலான் ஜவ்வரிசி எங்களிடம் இல்லை, அதை ஆவியில் வேகவைத்துச் செய்யும் ஆலைகள் வேறு. உப்புமாவுக்கு என்றால் ஒரு கப் அலசி, மேல்மட்டம் நனையும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு 4 மணி நேரம் ஊற விடுங்கள். தண்ணீர் கூடினால் களியாகிவிடும், அதற்கு எங்களைத் திட்ட வேண்டாம்.

பாக்கெட் அடியில் கொஞ்சம் உடைந்த தூள் இருக்கும். அரை கிலோவில் இரண்டு ஸ்பூனுக்கு மேல் இருந்தால், பூச்சி, புளிப்பு வாடை எது இருந்தாலும், பாக்கெட்டின் பின்புறம் இருக்கும் லாட் எண்ணைப் படம் எடுத்து அனுப்புங்கள். பாதி சமைத்திருந்தாலும் முழுப் பணமும் திரும்பும்.