ஆண்டு விழாவில் மைக், ஒலிபெருக்கி பயன்படுத்த அனுமதி வேண்டி

5 அக்டோபர் 2026
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பெருமதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம்.

நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா வரும் நவம்பர் 14ஆம் தேதி, சனிக்கிழமை, மாலை 4 மணிக்குப் பள்ளியின் கூரையிட்ட முற்றத்தில் நடைபெறவுள்ளது. அன்று மைக்கும் ஒலிபெருக்கியும் பயன்படுத்தத் தாங்கள் அனுமதி தர வேண்டுகிறேன். முந்தைய நாள் வெள்ளிக்கிழமை மாலை 5 மணி முதல் 6 மணி வரை நடக்கும் ஒத்திகைக்கும் அதே அனுமதி தேவை.

முற்றம் மூன்று பக்கமும் திறந்திருப்பதால் அக்கம்பக்கத்தாரை எண்ணித் தாங்கள் தயங்கக்கூடும். அது நியாயமான தயக்கம்தான். ஆனாலும் மைக் இல்லாமல் இந்த விழாவை நடத்தக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. சென்ற ஆண்டு தொடக்கநிலை இரண்டில் படிக்கும் ஒரு சிறுமி பாரதியார் பாடலைப் பிசகின்றி ஒப்பித்தாள். முன்வரிசைக்குக் கேட்டது. மின்விசிறிகளின் இரைச்சலைத் தாண்டிப் பின்வரிசைக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. அங்கே அவளுடைய பாட்டி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு, பேத்தியின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் ஆங்கிலமே பேசுகிறார்கள். அவர்கள் தமிழில் வாய்திறந்து பேசுவதைக் குடும்பமே கூடியிருந்து கேட்பதற்குக் கிடைக்கும் மாலை இது. சிறு குரல்களை ‘இன்னும் சத்தமாகப் பேசு’ என்று விரட்டினால் உச்சரிப்புக் கெடுகிறது. ழகரமும் ளகரமும் கத்தலில் கரைந்துவிடுகின்றன.

கருவி அறையில் உள்ள கம்பியில்லா மைக்குகள் இரண்டும், மேசைக்கான மைக் ஒன்றும், தாங்கியோடு கூடிய நான்கு சிறிய ஒலிபெருக்கிகளும், மிக்ஸரும் எங்களுக்குப் போதும். வெளியிலிருந்து எதையும் வாடகைக்கு எடுக்கவில்லை. நான்கு ஒலிபெருக்கி எதற்கு என்று தோன்றலாம். மேடையருகே இரண்டை மட்டும் வைத்தால், கடைசி வரிசைக்கு எட்டுவதற்காக அவற்றை மிகவும் கூட்ட வேண்டியிருக்கும். அந்தச் சத்தம்தான் எதிரேயுள்ள வீவக புளோக்குகளுக்குப் போகும். இரண்டை முன்னாலும் இரண்டை இருக்கைகளின் நடுப்பகுதியிலும் நிறுத்தினால் எல்லாவற்றையும் குறைவாகவே வைக்கலாம். நான்கையும் பார்வையாளர் பக்கம் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பி வைப்போம். மைக் பிடிக்கும் பிள்ளைகள் முன் ஒலிபெருக்கிகளுக்குப் பின்னால் நிற்பார்கள் என்பதால், காதைக் கிழிக்கும் கீச்சொலியும் எழாது. ஒத்திகையின்போது நான் எதிர்ப் புளோக்கின் அடியில் நின்று கேட்டுப் பார்த்து, அளவைக் குறித்துவைப்பேன். விழாவில் அதற்கு மேல் கூட்டமாட்டோம். தொடக்கம் முதல் முடிவு வரை மிக்ஸர் அருகில் ஒரு பெரியவர் இருப்பார்; பிள்ளைகள் அதைத் தொடமாட்டார்கள்.

நிகழ்ச்சி மாலை 6.30 மணிக்கு முடிந்துவிடும். அருகிலுள்ள பள்ளிவாசலில் மஃரிப் தொழுகை அந்தப் பருவத்தில் ஏறக்குறைய 6.50 மணிக்குத் தொடங்கும். அதற்குள் நம் ஒலிபெருக்கிகள் ஓய்ந்திருக்க வேண்டும் என்பதற்காகவே விழாவை 4 மணிக்கு வைத்தோம். பக்கத்துப் புளோக்கின் கீழ்த்தளத்தில் அன்று துக்க நிகழ்வு ஏதும் இருந்தால், நடனப் பாடல்களை விட்டுவிட்டுப் பேச்சுக்கு மட்டும் மைக்கைப் பயன்படுத்துவோம். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறோம். அவர்கள் முகம் சுளிக்கவில்லை.

நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம். சாரல் படாத உட்சுவர் ஓரமாகவே மின்கம்பிகளைக் கொண்டுசென்று, நடைபாதையைக் கடக்கும் இடத்தில் பட்டை நாடாவால் தரையோடு ஒட்டிவிடுவோம். கம்பிச் சுருளை முழுவதும் பிரித்த பிறகே மின்சாரம் கொடுப்போம். சுருண்டே கிடந்தால் சூடேறும். மின்னல் நெருங்கினால் உடனே கருவிகளை அணைத்து, இணைப்பைக் கழற்றி, நிகழ்ச்சியை நிறுத்திவைப்போம்.

தாங்கள் அனுமதித்தால், எதிரேயுள்ள வீடுகளுக்கு நேரத்தைக் குறிப்பிட்டுத் தமிழ், ஆங்கிலம், சீனம், மலாய் ஆகிய நான்கு மொழிகளிலும் அறிவிப்புத் தாள் கொடுக்க விரும்புகிறேன். மேல்நிலை மாணவர்கள் அதை எழுதித் தர முன்வந்துள்ளார்கள். தாளில் தங்கள் பெயரையும் அலுவலகத் தொலைபேசி எண்ணையும் சேர்க்கலாமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். யாரேனும் குறை சொன்னால் அவர்களிடம் நானே நேரில் போய்ப் பேசுவேன்.

ஒலி அளவைப் பற்றித் தங்களுக்கு வேறு நிபந்தனை இருந்தால் அதன்படியே நடப்போம். அக்டோபர் 16ஆம் தேதிக்குள் தங்கள் முடிவு தெரிந்தால், கருவிகளைச் சோதித்து மின்கலங்களை மாற்றிவைக்க வசதியாக இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரா. கலைச்செல்வி
தமிழாசிரியர், ஆண்டு விழாப் பொறுப்பாளர்